நொறுங்கும் பக்கத்தை மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லி எப்படி எழுதுவது?

"வரலாறு முதுகலை மாணவி. தூத்துக்குடி முத்துக்குளிப்பு பற்றிய ஆய்வுக்காக 18ஆம் நூற்றாண்டு டச்சுக் கம்பெனிப் பதிவேடு ஒன்றைப் படிக்கிறேன். ஒரு பக்கத்தின் வலது ஓரத்தில் இருக்கும் எண்கள் தெரியவில்லை. பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைகிறது. தரவிறக்கினாலும் படம் 1,250 பிக்சல் அகலம்தான். உயர்ந்த ரெசல்யூஷனில் மறுபடி ஸ்கேன் செய்து தரும்படி காப்பகத்துக்கு மெயில் அனுப்பினேன். 'ஆவணம் நொறுங்கும் நிலையில் உள்ளது, இயலாது' என்று ஒரு வரியில் பதில் வந்துவிட்டது. எப்படி எழுதியிருக்க வேண்டும்?"

ஆவணங்களைப் படமெடுக்கும் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்த ஒரு வரிப் பதிலை எழுதியவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. "உயர்ந்த ரெசல்யூஷனில் மறுபடி ஸ்கேன்" என்று படித்ததும் அவர் கண்முன் வருவது வேலைப் பட்டியல்தான்: அலமாரியிலிருந்து தொகுதியை எடுக்க வேண்டும், ஆவணங்களைப் பழுதுபார்த்துப் பேணும் பாதுகாப்புப் பிரிவிடம் காட்ட வேண்டும், அவர்களில் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும், விரித்து, படமெடுத்து, திரும்ப வைக்க வேண்டும். இவ்வளவும் செய்தால் அந்த எண் தெரிந்துவிடும் என்று உங்கள் மெயிலில் எங்கேயும் இல்லை. அதனால் மறுப்பதுதான் அவருக்குப் பத்திரமான பதில்.

நீங்கள் கேட்க வேண்டியது ரெசல்யூஷன் அல்ல. உங்களைப் படிக்கவிடாமல் தடுப்பது எது என்று கண்டுபிடித்து, அதை நீக்கும் ஆகச் சிறிய வேலையைக் கேட்க வேண்டும். பல நேரம் அந்த வேலைக்கு ஆவணத்தைத் தொடவே வேண்டியிருக்காது.

உங்கள் கேள்வியிலேயே ஒரு துப்பு இருக்கிறது: "கட்டம் கட்டமாக உடைகிறது" என்கிறீர்கள். படத்தை 800 சதவீதம் பெரிதாக்கி, ஓர் எழுத்தின் விளிம்பைப் பாருங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரே நிறத்தில், படிக்கட்டுப் போல இருந்தால் அவை பிக்சல்கள்; படத்தின் அளவுதான் போதவில்லை. எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட சதுரங்களாக, எழுத்தைச் சுற்றி அழுக்கு அலை அடித்தது போல நிழல் படிந்திருந்தால் அது ஜேபெக் சுருக்கத்தின் வேலை. இணையத்தில் சீக்கிரம் திறக்க வேண்டும் என்று படத்தைச் சுருக்கி ஏற்றியிருக்கிறார்கள். எடுத்த மூலப் படம், பெரும்பாலும் டிஃப் கோப்பு, அவர்களுடைய சர்வரில் வேறு இடத்தில் இருக்கும். மெல்லிய கோடுகளால் ஆன கையெழுத்தைச் சுருக்கம் பாதிப்பது போல அச்செழுத்தை அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

இரண்டும் கலந்தும் இருக்கலாம். அதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். படத்தின் ஓரத்தில் அளவுகோலோ நிறப் பட்டையோ வைத்து எடுத்திருக்கிறார்களா பாருங்கள். இருந்தால் ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை பிக்சல் என்று எண்ணி 2.54-ஆல் பெருக்குங்கள். 59 பிக்சல் வந்தால் அங்குலத்துக்கு ஏறக்குறைய 150. அளவுகோல் இல்லையென்றால் காப்பகத்தின் ஆவணப் பட்டியலில் தாளின் அளவு கொடுத்திருக்கிறார்களா பாருங்கள். உங்கள் தாள் 21 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். 1,250 பிக்சல் முழுவதும் தாளே என்றால் அங்கேயும் 150 தான் வரும். சுற்றிலும் மேசை தெரிந்தால் அதையும் கழிக்க வேண்டும், இன்னும் குறையும்.

150 என்றால் ஒரு பிக்சல் தாளில் 0.17 மில்லிமீட்டர். இறகுப் பேனாவின் மெல்லிய கோடு 0.2 மில்லிமீட்டர் இருக்கலாம். கோட்டுக்கு ஒரு பிக்சல் கிடைத்தால் கோடு இருக்கிறதா இல்லையா என்பதே சந்தேகம். 3-இன் வாய் மூடி 8 போலத் தெரியும். 300 இருந்தால் கோட்டின் குறுக்கே இரண்டு பிக்சலுக்குச் சற்று மேல் கிடைக்கும். பெரும்பாலான கையெழுத்தை வாசித்துவிடலாம். 600-இல் கிட்டத்தட்ட ஐந்து. அதற்கு மேலே போனால் பெரும்பாலும் மை தாளின் நாரில் ஊறிப் பரவிய விளிம்பைத்தான் பெரிதாகப் பார்ப்பீர்கள். 1,200 வேண்டும் என்று எழுதி வருகிற கடிதங்களைப் பார்த்தால், கேட்பவர் இந்தக் கணக்கைப் போடவில்லை என்று எங்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

அடுத்து, தளத்திலேயே பெரிய படம் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். பல காப்பகங்கள் IIIF என்ற பொது முறையில் படங்களைத் தருகின்றன. படத்தின் முகவரியில் `iiif` என்ற சொல் தெரிந்தால் அதன் இறுதிப் பகுதியை மாற்றிப் பார்க்கலாம்:

```
https://example.org/iiif/IDENTIFIER/info.json
https://example.org/iiif/IDENTIFIER/full/max/0/default.jpg
```

முதல் வரியைத் திறந்தால் `width`, `height` என்று சர்வரில் இருக்கும் படத்தின் அளவு தெரியும். அங்கே 5,000 என்று இருந்து உங்களுக்கு 1,250 வந்தால், பார்வைத் திரை உங்களுக்குச் சின்னதைக் கொடுக்கிறது என்று அர்த்தம். இரண்டாவது வரி அவர்கள் அனுமதிக்கும் ஆகப் பெரிய அளவைத் தரும். பழைய சர்வர்களில் `max` என்பதற்குப் பதில் `full` என்று இருக்கும். `maxWidth` என்று ஒரு வரம்பு வைத்திருந்தால் அதற்கு மேல் வராது. அப்படியானால் பெரிய படம் இருக்கிறது என்பதற்கே ஆதாரம் கிடைத்துவிட்டது. கடிதத்தில் அந்த எண்ணைக் குறிப்பிடுங்கள். "இயலாது" என்று சொல்ல அப்புறம் அவர்களுக்குக் காரணம் கிடைக்காது.

படம் கறுப்பு வெள்ளையாக, நீளக் கீறல்களோடு இருந்தால் கதை வேறு. அது மைக்ரோஃபிலிமிலிருந்து எடுத்தது. அந்தக் கோப்பை எவ்வளவு பெரிதாகத் தந்தாலும் ஃபிலிமில் பதியாதது வராது. மூலத்திலிருந்து புதிதாக எடுக்கக் கேட்க இது நியாயமான காரணம். கடிதத்தில் சொல்லவும் வேண்டும்.

சரி, அளவு போதும், ஆனாலும் தெரியவில்லை என்றால்? இங்கேதான் பலர் தடம் மாறுகிறார்கள். அந்தக் காலத்துக் கம்பெனி எழுத்தர்கள் எழுதியது மாசிக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்த மையில். அதிலுள்ள அமிலமும் இரும்பும் சேர்ந்து, நாள்பட நாள்பட, ஈரம் ஏற ஏற, தாளை அரிக்கும். முதலில் கோட்டைச் சுற்றிப் பழுப்பு ஒளிவட்டம் வரும். பிறகு மறுபக்க எழுத்து இந்தப் பக்கம் தலைகாட்டும். கடைசியில் மை இருந்த இடம் வெடித்து எழுத்தே உதிர்ந்துவிடும். உங்களுக்கு "நொறுங்கும் நிலை" என்று எழுதியது அனேகமாக இதைத்தான். தாளை வளைக்கும்போது முதலில் விரிசல் விடுவது எழுத்து இருக்கும் இடமே. அதனால்தான் அவர்கள் பயப்படுகிறார்கள். விளக்கின் வெளிச்சத்தை விடக் கையாள்வதுதான் பெரிய ஆபத்து.

மறுபக்க மை ஊடுருவியிருந்தால் ரெசல்யூஷனைக் கூட்டினால் இரண்டு பக்கக் குழப்பமும் சேர்ந்தே கூடும். அதற்குப் பதில் பின்பக்கத்தின் படத்தை இறக்கி, இடவலமாகத் திருப்பி, முன்பக்கத்தின் மேல் அரைத் தெளிவாக வைத்துப் பாருங்கள். எந்தக் கோடு அந்தப் பக்கத்தினுடையது என்று பிரிந்துவிடும். காப்பகத்திடம் கேட்பதாக இருந்தால், படமெடுக்கும்போது அந்தத் தாளுக்குப் பின்னால் கறுப்புத் தாள் ஒன்றைச் செருகச் சொல்லுங்கள். ஊடுருவல் குறைந்து தெரியும். எழுத்து உதிர்ந்து ஓட்டையாகி, அடுத்த தாளின் எழுத்து அந்த ஓட்டை வழியாக இந்தப் பக்க எழுத்து போலவே தெரிவதும் உண்டு. அதற்கும் பின்னால் ஒரு வெற்றுத் தாளே மருந்து.

இன்னொன்று, நம் நாட்டு ஆவணங்களில் அடிக்கடி பார்ப்பது. உடைகிற தாள்களுக்கு முன்பு சிஃபான் பட்டுத் துணி ஒட்டினார்கள். அசிடேட் படலம் வைத்து ஒட்டியதும் உண்டு. அவற்றால் தாள் பிழைத்தது, ஆனால் எழுத்துக்கு மேல் ஒரு திரை விழுந்துவிட்டது. எழுத்தே இல்லாத வெற்று ஓரத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே கொசுவலை போல நெசவு தெரிந்தால் அது சிஃபான். எழுத்தின் மேல் வெள்ளைப் பளபளப்பு திட்டுத் திட்டாக இருந்தால் படலத்தின் பிரதிபலிப்பு. 600-இல் எடுத்துத் தந்தால் உங்களுக்குத் துல்லியமான நெசவு கிடைக்கும், எண் கிடைக்காது. இங்கே கேட்க வேண்டியது குறுக்கு போலரைசேஷன்: விளக்குகளின் முன்பும் கேமரா லென்ஸின் முன்பும் வடிகட்டிகள் வைத்து, ஒன்றுக்கொன்று குறுக்காகத் திருப்பினால் பளபளப்பு அடங்கிவிடும். நெசவு போகாது, ஆனால் கீழே இருக்கும் மை கறுத்துத் தெரியும். வடிகட்டிகள் பெரிய செலவில்லை. பல பிரிவுகளில் ஏற்கெனவே இருக்கும்.

மை வெளிறிப் போயிருந்தால் புறஊதா ஒளியில் எடுத்த படம் உதவும். தாள் மின்னும், மை இருந்த இடம் இருண்டு தெரியும். ஆனால் அந்த ஒளி தாளுக்கு நல்லதல்ல, சில நொடிதான் அனுமதிப்பார்கள். அகச்சிவப்பு கேட்காதீர்கள். கரிமைக்கு அது அருமையான வழி, மாசிக்காய் மை அதில் மங்கி, போகப்போக மறைந்தே விடும். கேட்கும் முன் உங்கள் கணினியிலேயே படத்தின் சிவப்பு, நீலச் சேனல்களைத் தனித்தனியாகப் பாருங்கள். சிவப்பில் பழுப்புக் கறை பின்வாங்கும். நீலத்தில் வெளிறிய பழுப்பு மை கொஞ்சம் எழுந்து வரும்.

கடிதம் எழுதும் முன் இன்னும் ஒரு வேலை இருக்கிறது, டச்சுக் கம்பெனி ஆவணம் என்பதால் சொல்கிறேன். கம்பெனிக் கடிதங்களும் அறிக்கைகளும் ஒரே பிரதியாக இருந்தது அபூர்வம். தூத்துக்குடி கொழும்பு நிர்வாகத்தின் கீழ் இருந்தது. அங்கிருந்து படேவியாவுக்கும், அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கும், நெதர்லாந்துக்கும் நகல்கள் போயின. அதனால் ஒரே தகவல் கொழும்பிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும், ஹேக் நகரத்து நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்திலும், ஜகார்த்தாவிலும் இருக்க வாய்ப்புண்டு. ஹேக்கில் கம்பெனியின் தொகுப்புக்கு எண் 1.04.02, அதன் ஸ்கேன்கள் இணையத்தில் திறந்தே இருக்கின்றன. கம்பெனி ஆவணங்களை யுனெஸ்கோ 2003இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அப்போதும் பல நாடுகளில் சிதறியிருக்கும் ஒரே தொகுப்பாகத்தான் எடுத்துக்கொண்டது. உங்கள் பக்கத்தின் தேதியையும் அனுப்பியவரையும் வைத்து ஹேக் பட்டியலில் தேடுங்கள். அங்கே நல்ல தாளில், அரிக்காத மையில் அதே கடிதம் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

பாதி என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நகல் எடுத்தவர் வேறு எழுத்தர். எண்களை எடுத்தெழுதும்போது தவறியிருக்கலாம். அதோடு உங்களுக்கு வேண்டியது ஓரத்தில் இருப்பது. கடிதத்தின் உடலுக்கு நகல் கிடைக்கும். உள்ளூர் அலுவலகத்தில் பின்னால் யாரோ ஓரத்தில் எழுதிய கணக்கு நகலில் போயிருக்காது. எனவே நகலில் உடலைப் படித்துக்கொள்ளுங்கள். ஓர எண்ணுக்காக மட்டும் இந்தக் காப்பகத்தைக் கேளுங்கள். உங்கள் கோரிக்கை ஒரு பக்கத்திலிருந்து சில சென்டிமீட்டருக்குச் சுருங்கிவிட்டது. இதுதான் உங்களுக்குப் பலம்.

எவ்வளவு சுருங்கியது என்று பாருங்கள். ஆறு சென்டிமீட்டர் அகலமும் நான்கு சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு பகுதியை 600-இல் எடுத்தால் படம் ஏறக்குறைய 1,420க்கு 945 பிக்சல்தான். சாதாரண 24 மெகாபிக்சல் கேமரா ஒரே ஷாட்டில் 25க்கு 17 சென்டிமீட்டர் பரப்பை 600-இல் பிடித்துவிடும். ஸ்கேனரில் கவிழ்க்க வேண்டாம், கண்ணாடி வைத்து அழுத்த வேண்டாம். புத்தகத்தை 'வி' வடிவத் தாங்கியில் 90 பாகை அளவுக்குத் திறந்து வைத்து, பக்கத்துக்கு நேர் எதிரே கேமராவை வைத்து எடுத்தால் போதும். முழுதாக விரிக்காததால் தையலும் இழுபடாது, தாளும் வளையாது. உங்கள் எண் வலது ஓரத்தில், அதாவது முன்பக்கத்தில் வெளி விளிம்பில் இருப்பது அதிர்ஷ்டம். பின்பக்கத்தில் வலது ஓரம் என்றால் அது தையல் பக்கம்; பைண்டிங்குக்குள் எழுத்து புதைந்திருக்கும், அதை யாரும் பிரித்துத் தர மாட்டார்கள்.

இனி கடிதம். பொதுவான முகவரிக்கு எழுதாமல், படப்பிரதி தரும் பிரிவுக்கு எழுதி, பாதுகாப்புப் பிரிவுக்கும் நகல் போடுங்கள். இப்படி எழுதலாம், இதிலுள்ள எண்களும் விவரங்களும் மாதிரிக்குத்தான், நீங்கள் கண்டதை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்:

பொருள்: தொகுதி ____, தாள் 43 முன்பக்கம் – ஓரக் குறிப்பின் மூலப் படம் / பகுதிப் படம் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

____ பல்கலைக்கழகத்தில் வரலாறு முதுகலை படிக்கிறேன். தங்கள் காப்பகத்தின் டச்சு ஆவணத் தொகுதி ____, தாள் 43 முன்பக்கம் (வலது மேல் மூலையில் பென்சிலால் எழுதிய எண், பழைய மை எண் 51) குறித்து எழுதுகிறேன். தங்கள் தளத்தில் இதன் முகவரி: ____.

இப்பக்கத்தின் வலது ஓரத்தில், 12 முதல் 17 வரையான வரிகளுக்கு எதிரே, எண்கள் கொண்ட சிறு குறிப்பு இருக்கிறது. அந்த இடத்தைக் கட்டமிட்டு இணைத்துள்ளேன். தளத்துப் படத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 59 பிக்சல், அதாவது அங்குலத்துக்கு ஏறக்குறைய 150 வருகிறது. எழுத்தைச் சுற்றி ஜேபெக் சுருக்கத்தின் தடயமும் தெரிகிறது. கடிதத்தின் உடலை ஹேக்கில் உள்ள நகலில் படித்துவிட்டேன். இந்த ஓரக் குறிப்பு அதில் இல்லை.

தங்களிடம் இப்பக்கத்தின் சுருக்கப்படாத மூலக் கோப்பு இருந்தால் அதையே, அல்லது மேற்கண்ட பகுதியை மட்டும் வெட்டி அனுப்பினால் போதும். தாளைக் கையாள வேண்டியிருக்காது.

மூலக் கோப்பு இல்லையென்றால், அல்லது அதுவும் இதே அளவில் இருந்தால், அந்த ஆறுக்கு நான்கு சென்டிமீட்டர் பகுதியை மட்டும் 600-இல் கேமராவில் எடுத்துத் தர இயலுமா என்று கேட்கிறேன். வெற்று ஓரத்தில் துணி நெசவு தெரிவதால், வசதி இருந்தால் குறுக்கு போலரைசேஷனில் எடுத்தால் நன்று. எப்படிக் கையாள்வது, எவ்வளவு திறப்பது என்பதில் பாதுகாப்புப் பிரிவின் முடிவே எனக்கும் முடிவு. அவசரமில்லை, இத்தொகுதி வேறு காரணத்துக்காக எடுக்கப்படும் நாளில் சேர்த்துச் செய்தாலும் சரி. கட்டணம் செலுத்தத் தயாராக இருக்கிறேன். படம் ஆய்வேட்டுக்கு மட்டும். வெளியிட வேண்டி வந்தால் தனியே அனுமதி கேட்பேன்.

இப்படிக்கு, ____

கவனித்திருப்பீர்கள், இதில் முத்துக்குளிப்பின் வரலாறு பற்றி ஒரு வரியும் இல்லை. மாணவர்கள் முதல் இரண்டு பத்தியை அதற்கே செலவழிப்பார்கள். படிப்பவருக்கு எந்தத் தாள், எந்த இடம், என்ன செய்ய வேண்டும், எதைத் தொட வேண்டாம் என்பதுதான் தேவை. தாள் எண்ணை இரண்டு விதமாகக் கொடுத்ததற்கும் காரணம் உண்டு. பழைய பதிவேடுகளில் எழுத்தர் இட்ட மை எண் ஒன்று, பிற்காலத்தில் காப்பகம் இட்ட பென்சில் எண் இன்னொன்று இருக்கும். வெறுமனே 43 என்று எழுதினால் தப்பான தாளை எடுத்து அனுப்புவார்கள். ஆவணம் காரணமில்லாமல் ஒருமுறை திறக்கப்பட்டிருக்கும். "தளத்தில் 88ஆவது படம்" என்று எழுதுவதும் ஆபத்து. அவர்கள் படங்களை மறுபடி ஏற்றினால் வரிசை மாறிவிடும்.

ஒரு விஷயம் முக்கியம். வேறு பக்கங்களிலும் இதே சிக்கல் வரும் என்று தோன்றினால், எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு ஒரே கடிதத்தில் கேளுங்கள். தொகுதியை எடுத்து வைக்கும் வேலை ஒரு பக்கத்துக்கும் ஐந்து பக்கத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மாதம் ஒரு பக்கம் கேட்டால் மூன்றாவது மாதம் பதிலே வராது.

படம் வந்ததும் அளவுகோலைத்தான் முதலில் பாருங்கள். கோப்பின் விவரத்தில் 600 என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். பழைய படத்தையே மென்பொருளில் ஊதிப் பெரிதாக்கி அனுப்பினாலும் அதே 600 எழுதலாம். ஒரு சென்டிமீட்டரில் 236 பிக்சல் இருக்க வேண்டும், அளவுகோலின் கோடுகள் கூர்மையாகவும் இருக்க வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தும் கோடு பஞ்சு போல இருந்தால் அது ஊதின படம், அல்லது ஃபோகஸ் தவறியது. நாகரிகமாகத் திருப்பிக் கேட்கலாம், தவறில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் மறுத்தால், படம் வேண்டாம், பாதுகாப்புப் பிரிவினர் முன்னிலையில் அந்த ஓரத்தை நேரில் பார்க்க அனுமதி தர முடியுமா என்று கேளுங்கள். புதிதாகப் படமெடுக்க மறுக்கும் இடங்கள் சில இதற்குச் சம்மதிக்கும். அவர்களே தாளைத் திருப்புவார்கள், நீங்கள் கைவைக்க வேண்டியதில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்றும், பக்கவாட்டில் பிடிக்க ஒரு சின்ன எல்இடி விளக்கும் வைத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் பளபளப்பு விலகி, பேனா அழுத்திய பள்ளம்கூட நிழலாகத் தெரியும். 3-ஆ 8-ஆ என்று அங்கேயே தெரிந்துவிடலாம். தெரியவில்லை என்றால் ஆய்வேட்டில் இரண்டு வாசிப்பையும் கொடுத்து, எந்த வரியில் தாள் அரித்திருக்கிறது என்று அடிக்குறிப்பில் எழுதிவிடுங்கள்.